ரெஸ்யூமேயில் ஒரு வரி: 450-லிருந்து 40

"வாடிக்கையாளர் பி.பி.எம்.-ஐ 450-லிருந்து 40-ஆகக் குறைத்தேன்." ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரப் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் விரும்பி எழுதுகிற வரி இது. எண்கள் மாறும், வாக்கியம் அநேகமாக இதேதான். படிக்கிற தர மேலாளர் அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்துவார். நேர்முகத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படும்.

பி.பி.எம். என்பது பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கு. ஒரு தொழிற்சாலை ஆறு மாதத்தில் 7,20,000 உதிரிபாகங்களை அனுப்பி, அவற்றில் 324 குறையுள்ளவை என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தால், 324-ஐ 7,20,000-ஆல் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். விடை 450. சதவீதத்தில் சொன்னால் 0.045. இவ்வளவு சிறிய எண்ணைச் சதவீதத்தில் வைத்துப் பேசினால் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் பத்து லட்சம் என்ற அளவு வந்தது.

கணக்கு எளிது. அந்த எண் எதனால் குறைந்தது என்பதுதான் சிக்கல். தயாரிப்பு முறை கொஞ்சமும் மாறாமலேயே பி.பி.எம். இறங்கிவிட முடியும்.

அதற்கு மிகச் சாதாரணமான வழி, வாசலில் ஆள் நிறுத்துவது. புகார் வந்ததும் நான்கு பேரை உட்கார வைத்து, வெளியே போகும் ஒவ்வொரு உதிரிபாகத்தையும் மறுபடி சோதித்தால் வாடிக்கையாளரிடம் போகும் குறைகள் உடனே குறையும். இயந்திரம் மட்டும் முன்பு உண்டாக்கிய அதே குறையை இன்றும் உண்டாக்கிக்கொண்டிருக்கும். வெளியே 450 என்பது 40 ஆகும்போது உள்ளே ரிஜெக்ஷன் தொட்டி நிரம்பும். ஆகவே வெளிக்கணக்கை மட்டும் எழுதி உள்கணக்கை விட்டுவிட்ட ரெஸ்யூமேயைப் பார்த்தால், அனுபவமுள்ள மேலாளர் கேட்பது: "அந்த ஆறு மாதத்தில் உங்கள் உள் ரிஜெக்ஷன் எவ்வளவு? சோதிக்க உட்கார வைத்த ஆட்களை எப்போது எடுத்தீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு "இன்னும் எடுக்கவில்லை" என்பது பதிலானால், அந்த வரிக்கு உரிய பெயர் தற்காலிகத் தடுப்பு. தரத் துறையில் அதுவும் அவசியமான வேலை. குறையின் காரணத்தை நீக்கிய வேலை என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

இன்னொரு வழி, கணக்கில் எதைச் சேர்ப்பது என்ற முடிவில் இருக்கிறது. திரும்பி வந்த 324-இல் சில, வாடிக்கையாளரின் கிடங்கிலேயே அடிபட்டவை என்று வாதாடிக் கழிக்கப்படலாம். சில, 'இந்த முறை மட்டும் ஏற்கிறோம்' என்ற சலுகையில் போகலாம். இந்தக் கழிவுகள் நியாயமானவையாகவே இருக்கட்டும். முந்தைய ஆறு மாதத்துக்கு ஒரு விதியும் பிந்தைய ஆறு மாதத்துக்கு வேறொரு விதியும் வைத்து எண்ணினால் ஒப்பீடு செல்லாது. எனவே காலம், அனுப்பிய எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து எழுதிய ரெஸ்யூமே வெறும் பி.பி.எம். எழுதியதைவிட எப்போதும் நம்பகமானது.

இந்த வரிக்குப் பின்னால் உண்மையான வேலை இருந்தால் அது எப்படி இருக்கும்? விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தை அமைத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம்.

ஒரகடம் போன்ற ஓரிடத்தில் ஒரு தொழிற்சாலை. இருசக்கர வாகனத்துக்கான அலுமினிய ஹவுசிங் ஒன்றை சி.என்.சி. இயந்திரத்தில் கடைகிறார்கள். அதில் 25 மில்லிமீட்டர் துளை ஒன்று உண்டு. அது 25.000-க்குக் கீழே போகக் கூடாது, 25.021-க்கு மேலேயும் போகக் கூடாது. அதாவது மொத்தமே 21 மைக்ரான் இடம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைனில் அந்தத் துளைக்குள் ஒரு பின் பொருந்த வேண்டும். பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு துளையையும் ஒரு தானியங்கிக் கருவி அளக்கிறது. அங்கேதான் 'துளை சிறிது' என்று 324 ஹவுசிங்குகள் மாட்டின.

முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது கருவியின் வெட்டுமுனையை, அதாவது இன்சர்ட்டை. தேய்ந்தால் துளை சிறுக்கும். மாற்றினார்கள், புகார் நிற்கவில்லை. அடுத்துச் சந்தேகம் ஆபரேட்டர் மேல். அவர் இருபது ஹவுசிங்குக்கு ஒன்றை எடுத்து போர் கேஜ் வைத்து அளந்து, அளவு நடுவிலிருந்து நகர்ந்தால் இயந்திரத்தில் ஆஃப்செட் கொடுத்துத் திருத்துவார். அவருடைய பதிவேட்டில் எல்லாமே 25.010-ஐ ஒட்டி, அழகாக நடுவில் இருந்தன. இறுதிச் சோதனையிலும் பிளக் கேஜ் தடையின்றி உள்ளே போயிருக்கிறது. இரண்டு சோதனையும் 'சரி' என்கின்றன, வாடிக்கையாளரின் கருவி 'தவறு' என்கிறது.

இங்கே தரப் பொறியாளர் செய்தது, திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தது. ஒவ்வொரு ஹவுசிங்கிலும் தேதியும் ஷிஃப்டும் புள்ளி எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 324-ஐயும் ஷிஃப்ட் வாரியாக அடுக்கியதும் விஷயம் வெளிப்பட்டது: கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் ஷிஃப்ட். காலை ஷிஃப்டிலும் இரவு ஷிஃப்டிலும் தயாரானவை இல்லை. ஆபரேட்டர்கள் வாரம் தோறும் ஷிஃப்ட் மாறுகிறவர்கள். ஆகவே ஆள் காரணமில்லை. இயந்திரம் மூன்று ஷிஃப்டிலும் ஒன்றுதான். மதியத்துக்கு மேல் மாறுவது வேறு என்ன?

சூடு. காலையில் ஓட ஆரம்பித்த கூலன்ட், மதியத்துக்குள் வெப்பமேறி ஹவுசிங்கையும் சூடாக்கியே வெளியே தள்ளுகிறது. அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் துளைக்கு, 10 டிகிரி சூடு கூடினால் சுமார் 6 மைக்ரான். ஆபரேட்டர் சூட்டோடு அளக்கும்போது துளை 6 மைக்ரான் பெரிதாகத் தெரிகிறது. அவர் ஒழுங்காக, சொல்லிக் கொடுத்தபடியே, ஆஃப்செட் கொடுத்து அதை நடுவுக்குக் கொண்டு வருகிறார். ஹவுசிங் ஆறியதும் துளை 6 மைக்ரான் சுருங்கிக் கீழ் எல்லையை நெருங்குகிறது. அளப்பதற்கான பொதுவான வெப்பநிலை 20 டிகிரி என்று உலகெங்கும் ஒப்புக்கொண்டிருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இறுதிச் சோதனை ஏன் பிடிக்கவில்லை? ஹவுசிங்குகள் வெந்நீர் வாஷிங் மெஷினிலிருந்து வெளியே வந்த கையோடு பிளக் கேஜுக்குப் போயின. அங்கேயும் அவை சூடுதான். குறையை உண்டாக்கிய காரணமும் அதைத் தப்பவிட்ட காரணமும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன. பொதுவாக இவை இரண்டும் வேறு வேறாக இருக்கும். 'ஏன் உண்டானது', 'ஏன் கண்ணில் படாமல் போனது' என்று 'ஏன்' கேட்கும் சங்கிலியை இரண்டு தனித்தனி வரிசையாக ஓட்ட வேண்டும் என்று வாகன நிறுவனங்கள் வற்புறுத்துவது அதனால்தான். ஒரே வரிசையோடு நின்றுவிட்ட அறிக்கைகள் திருப்பி அனுப்பப்படுவது சாதாரணம்.

காரணத்தை ஊகித்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குக் கடைந்த முப்பது ஹவுசிங்குகளை எண்ணிட்டு, சூட்டோடு ஒருமுறை, அளவைக் கூடத்தில் ஓரிரவு வைத்துவிட்டு மறுநாள் காலை ஒருமுறை அளந்தார்கள். அதே ஹவுசிங், அதே கேஜ், 6 மைக்ரான் வித்தியாசம். பிறகு கூலன்ட்டைக் குளிர வைத்து மதியமே கடைந்தார்கள், வித்தியாசம் போய்விட்டது. குறையை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டும்போது நிறுத்தவும் முடிந்தால்தான் அது மூலக் காரணம்.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கும் சரியாக வந்து பொருந்துகிறது. ஒரு தயாரிப்பு முறை தன் எல்லைகளுக்குள் எவ்வளவு வசதியாக நிற்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு சி.பி.கே. என்று பெயர். அளவுகளின் நடுப்புள்ளியிலிருந்து அருகில் இருக்கும் எல்லைவரை உள்ள தூரத்தை, அளவுகளின் பரவலை வைத்து வகுத்துக் கிடைப்பது அது. வாகனத் துறையில் குறைந்தது 1.33 கேட்பார்கள், முக்கியமான அளவுகளுக்கு 1.67 கேட்பதும் உண்டு. காலை ஷிஃப்ட் ஹவுசிங்குகளை ஆறவைத்து அளந்தபோது 1.8 வந்தது. மதிய ஷிஃப்டுக்கு 1 தான். சி.பி.கே. 1 என்றால் அந்த ஒரு பக்க எல்லையைத் தாண்டுபவை பத்து லட்சத்துக்குச் சுமார் 1,350. மொத்த உற்பத்தியில் மதிய ஷிஃப்ட் மூன்றில் ஒரு பங்கு. 1,350-ஐ மூன்றால் வகுத்தால் 450. வாடிக்கையாளர் கொடுத்த புகார் எண்ணும் தொழிற்சாலையின் புள்ளிவிவரமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. நிஜத் தொழிற்சாலையில் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ஏறக்குறையப் பொருந்தினாலே போதும். ஆனால் ரெஸ்யூமேயில் '450 பி.பி.எம்., சி.பி.கே. 1.8' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் மேலாளர் விடமாட்டார். 1.8 உள்ள இடத்தில் அளவுக்குறை இத்தனை வராது. ஒன்று, அளந்த முறை தவறு. இல்லையென்றால் எடுத்த மாதிரிகள் காலை ஷிஃப்டிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டவை.

இனி, திருத்த நடவடிக்கை. தொழிற்சாலைகளில் 'கேப்பா' என்று சொல்லிப் பழகிய சொல். வாடிக்கையாளருக்கு அனுப்பும் விரிவான வடிவம் 8டி அறிக்கை. ஃபோர்டு நிறுவனம் 1987-இல் கையேடாக்கிய முறை இது. குழு அமைப்பதில் தொடங்கி, குறையை விவரிப்பது, தற்காலிகத் தடுப்பு, மூலக் காரணம், நிரந்தரத் திருத்தம், மறுபடி வராமல் தடுப்பது என்று படிப்படியாகப் போகும். ரெஸ்யூமேயில் '25 8டி அறிக்கைகள் முடித்துள்ளேன்' என்று எழுதுபவர்கள் உண்டு. எண்ணிக்கை தரும் தகவல் மிகக் குறைவு. ஒரே ஒரு அறிக்கையின் நிரந்தரத் திருத்தம் என்ன என்பதை எழுதினாலே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

ஏனெனில் திருத்தங்களில் பலமானவை உண்டு, பலவீனமானவை உண்டு. 'ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது', 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்பவை மிகப் பலவீனமானவை. மேலே சொன்ன உதாரணத்தில் ஆபரேட்டர் எந்தத் தவறும் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்ததால்தான் துளை சிறுத்தது. அவருக்கு இன்னும் பத்து நாள் பயிற்சி கொடுத்தாலும் அதே 6 மைக்ரான் குறைந்திருக்கும். அந்தத் தொழிற்சாலை செய்த நிரந்தரத் திருத்தம் மூன்று: கூலன்ட் தொட்டிக்கு ஒரு சில்லர் வைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தியது, வாஷிங் மெஷினுக்கும் பிளக் கேஜுக்கும் நடுவே ஆறுவதற்கான கன்வேயர் அமைத்தது, ஆபரேட்டர் கேஜை நிலைப்படுத்தப் பயன்படுத்தும் எஃகு வளையத்துக்குப் பதிலாக, அதே அலுமினியத்தில் செய்த மாஸ்டரை உற்பத்தியாகும் ஹவுசிங்குகளோடு சேர்த்து, அதே சூட்டில் வைத்தது. பிறகு கன்ட்ரோல் பிளானில் கூலன்ட் வெப்பநிலை ஒரு கண்காணிப்பு அளவாக ஏறியது. அதே போன்ற அலுமினியத் துளை கடையும் வேறு இரண்டு லைன்களிலும் இதைச் செய்தார்கள். இந்தக் கடைசி வேலையைப் பலரும் விட்டுவிடுவார்கள்; ஆறு மாதம் கழித்து அதே புகார் அடுத்த லைனிலிருந்து வரும்.

திருத்திய பிறகு ஆறு மாதத்தில் 7,50,000 ஹவுசிங்குகள் அனுப்பி 30 திரும்பின. 40 பி.பி.எம். அந்த 30-உம் துளைக்குறை இல்லை, கூடையில் ஒன்றோடொன்று உரசி வந்த அடிகள். வாசலில் நிறுத்திய நான்கு பேரும் மூன்றாவது மாதமே விடுவிக்கப்பட்டார்கள். இப்போது ரெஸ்யூமே வரியை எழுதலாம்:

"அலுமினிய ஹவுசிங்கில் துளை சிறுத்த புகார்: ஆறு மாதத்தில் 7.2 லட்சத்துக்கு 324 என்றிருந்தது, திருத்தத்துக்குப் பின் ஆறு மாதத்தில் 7.5 லட்சத்துக்கு 30 ஆனது. கூடுதல் சோதனை ஆட்கள் நீக்கப்பட்ட நிலையில். காரணம்: சூட்டோடு அளந்ததால் தவறான ஆஃப்செட். திருத்தம்: கூலன்ட் சில்லர், ஆறும் கன்வேயர், அலுமினிய மாஸ்டர். என் பங்கு: ஷிஃப்ட் வாரிப் பகுப்பு, சூடு–குளிர் அளவுச் சோதனை, கன்ட்ரோல் பிளான் திருத்தம்."

முன்பிருந்த ஒற்றை வரியைவிட நீளம்தான். ஆனால் இதைப் படிக்கும் மேலாளருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியும், எழுதியவருக்கும் என்ன பதில் சொல்வது என்று தெரியும். 'என் பங்கு' என்ற பகுதியைக் கூச்சத்தால் பலர் விடுகிறார்கள், வேறு சிலர் சில்லர் வாங்கியதுவரை எல்லாவற்றையும் தாமே செய்ததாக எழுதுகிறார்கள். சில்லரைப் பராமரிப்புத் துறை தேர்ந்தெடுத்திருக்கும், பணத்துக்கு ஆலைத் தலைவர் கையெழுத்திட்டிருப்பார். அதைச் சொல்வதால் தரப் பொறியாளரின் மதிப்பு குறையாது.

ஆடிட் பற்றிய வரிகளில் குழப்பம் இன்னும் அதிகம். 'ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் பெற்ற பொறியாளர்' என்று எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரநிலைகளை வெளியிடுகிறதே தவிர யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தொழிற்சாலைக்கு ஐ.எஸ்.ஓ. 9001 சான்று கொடுப்பவை தனியான சான்றளிப்பு நிறுவனங்கள்; மூன்றாண்டுக்கு ஒரு முறை முழு ஆடிட், இடையில் ஆண்டு தோறும் கண்காணிப்பு ஆடிட். வாகனத் துறைக்கு அதன்மேல் 2016-இல் வந்த ஐ.ஏ.டி.எஃப். 16949 உண்டு. தனிமனிதர் பெறுவது ஆடிட்டர் பயிற்சிச் சான்று. உள் ஆடிட்டர் பயிற்சி வேறு, தலைமை ஆடிட்டர் பயிற்சி வேறு. எது கையில் இருக்கிறதோ அதை அப்படியே எழுதுவதுதான் சரி.

ஆடிட்டில் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் எழுத வேண்டும். வெளியிலிருந்து வந்த ஆடிட்டருக்கு ஆவணம் எடுத்துக் கொடுப்பது ஒரு வேலை. பக்கத்துத் துறைக்குப் போய்த் தானே ஆடிட் செய்வது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்தவர், தான் எழுதிய ஒரு நான்-கன்ஃபார்மிட்டியை நினைவிலிருந்து சொல்ல முடிய வேண்டும். நன்றாக எழுதப்பட்ட ஒன்றில் மூன்று பகுதிகள் இருக்கும்: தரநிலை என்ன கேட்கிறது, நேரில் கண்டது என்ன, எங்கே விலகல். 'அளவுக் கருவிகள் சரியாகப் பராமரிக்கப்படவில்லை' என்பது வெறும் அபிப்பிராயம். 'இறுதிச் சோதனை மேசையில் பயன்பாட்டில் இருந்த ஒரு பிளக் கேஜின் காலிபரேஷன் தேதி கடந்த மாதமே முடிந்துவிட்டது, ஐ.எஸ்.ஓ. 9001-இன் 7.1.5.2 பிரிவு கேட்பதற்கு இது மாறானது' என்பது சான்று. அந்த கேஜை எடுத்துப்போய்க் காலிபரேட் செய்வது சரிசெய்தல். அது ஏன் தேதி தாண்டியும் மேசையில் இருந்தது, அதே போல் வேறு எத்தனை இருக்கின்றன, அந்த நாட்களில் அதைக் கொண்டு பாஸ் செய்து அனுப்பியவற்றின் கதி என்ன என்று தேடுவதுதான் 10.2 பிரிவு கேட்கும் திருத்த நடவடிக்கை. சரிசெய்தலுக்கும் திருத்த நடவடிக்கைக்கும் இருக்கும் இந்த வேறுபாட்டை விளக்கச் சொல்வது நேர்முகங்களில் பழக்கமான கேள்வி.

'தொடர்ந்து மூன்று ஆடிட்டில் ஒரு குறைகூட இல்லை' என்ற பெருமையும் கவனமாகக் கையாள வேண்டியது. வெளி ஆடிட்டில் அப்படி நடக்கலாம். உள் ஆடிட்டிலும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் யாரும் உண்மையாகத் தேடவில்லை என்றே படிப்பவர் நினைப்பார். மேலே சொன்ன தொழிற்சாலையில், சூட்டோடு அளக்கும் பழக்கத்தை ஓர் உள் ஆடிட்டர் முன்பே கேட்டிருக்கலாம். வேலை நடக்கும் சூழலின் வெப்பநிலையை 7.1.4 பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

மேம்பாட்டுத் திட்டங்கள் என்ற தலைப்பில் சேமித்த பணத்தை எழுதுவது வழக்கம். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: நிதித் துறை ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் எழுத வேண்டும். நான்கு சோதனை ஆட்களின் கூலி, வாடிக்கையாளர் போடும் டெபிட் நோட், உடைத்து உருக்கப்போன ஹவுசிங்குகளின் விலை ஆகியவை கணக்குப் புத்தகத்தில் இருக்கும் செலவுகள்; குறைந்தால் காட்டலாம். 'வாடிக்கையாளர் நம்பிக்கை கூடியதால் ஐம்பது லட்சம்' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. தமிழ்நாட்டில் இந்தக் கணக்குகளைக் கூர்ந்து பார்க்கும் மரபு பழையது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனம்; 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் அதைப் பெற்றது.

வாடிக்கையாளரின் பெயர், உதிரிபாக எண், வரைபடத்தின் அளவுகள் ஆகியவை தொழிற்சாலையின் ரகசியம். 'முன்னணி இருசக்கர வாகன நிறுவனம்', 'அலுமினிய ஹவுசிங்' என்ற அளவுக்கு எழுதினால் போதும். 8டி அறிக்கையின் நகலை நேர்முகத்துக்கு எடுத்துப் போகிறவருக்கு வேலை கிடைப்பது கடினம். நாளை தம் அறிக்கையும் இப்படி வெளியே போகும் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும்.

பெரிய தொழிற்சாலையில் இல்லாதவர்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. கோயம்புத்தூரில் பம்ப் பாகம் செய்யும் ஒரு சிறிய பட்டறை மாதம் 800 பாகம் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்று திரும்பினாலே 1,250 பி.பி.எம்.; அடுத்த மாதம் ஒன்றும் திரும்பாவிட்டால் பூஜ்யம். இந்த ஏற்ற இறக்கத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை, எந்த வீழ்ச்சியும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் தரப் பொறியாளர் பி.பி.எம்.-ஐ விட்டுவிட்டு நேரடி எண்ணிக்கையை எழுதலாம்: ஓராண்டில் 9,600-க்கு 14 திரும்பியது, அடுத்த ஆண்டில் 9,900-க்கு 3. கூடவே உள்ளே நடந்த ரீவொர்க் எத்தனை, எந்த ஜிக் மாற்றப்பட்டது, யார் அதை வடிவமைத்தார் என்று இரண்டு வரி. ஒரகடத்து மேலாளருக்கு அந்த 14-உம் 3-உம் போதும். அவர் கேட்கப்போவது, அந்த மூன்றும் என்ன குறை என்பதை.